தம்பி பட்ட கடனுக்கு அண்ணன் நிலத்தில் ஜப்தி

கேள்வி: நானும் தம்பியும் 2014-ல் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்துகொண்டோம். மொத்தம் நாலு ஏக்கர். ஆளுக்கு இரண்டு ஏக்கர், கிணறு மட்டும் பொது. பட்டா இன்னும் இருவர் பேரிலும் கூட்டாகவே இருக்கிறது. தம்பி 2019-ல் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து 3 லட்சம் ரூபாய் வாங்கியிருக்கிறான். திருப்பிக் கொடுக்கவில்லை என்று அவர் வழக்குப் போட்டு டிக்ரி வாங்கிவிட்டார். அந்த வழக்கில் என்னைச் சேர்க்கவில்லை. எனக்கு நோட்டீசும் வரவில்லை. சென்ற மாதம் கோர்ட் அமீனா வந்து தண்டோரா போட்டு, நாலு ஏக்கரும் ஜப்தி என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். என் பங்கில் மஞ்சள் நிற்கிறது. நான் கையெழுத்துப் போடாத கடனுக்கு என் நிலம் ஏலத்துக்குப் போய்விடுமா?

- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: உரிய நேரத்தில் உரிய கோர்ட்டுக்குப் போனால் அண்ணனின் இரண்டு ஏக்கரை ஜப்தியிலிருந்து விடுவிக்க முடியும். சும்மா இருந்தால், தம்பியின் பங்கோடு சேர்ந்து அதுவும் ஏலப் பட்டியலில் போய்விடும். 'வழக்கில் நான் இல்லையே, என்னை என்ன செய்ய முடியும்' என்று பேசாமல் இருந்தவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

முதலில், அண்ணன் நிலம் ஏன் ஜப்தியில் வந்தது என்று பார்க்க வேண்டும். டிக்ரி வாங்கியவர் பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனு போடும்போது, கடன்பட்டவருக்கு என்ன சொத்து இருக்கிறது என்று அவர்தான் பட்டியல் கொடுக்கிறார். அவர் தாலுகா அலுவலகப் பதிவைப் பார்த்திருப்பார். அங்கே நாலு ஏக்கருக்கும் ஒரே பட்டா, அதில் தம்பியின் பேரும் இருக்கிறது. அதனால் புல எண் முழுவதையும் எழுதிவிட்டார். ஜப்தி உத்தரவு போடும் கட்டத்தில் நிலம் உண்மையில் யாருடையது என்று கோர்ட் விசாரிப்பதில்லை. யாராவது வந்து ஆட்சேபித்த பிறகுதான் அந்த விசாரணை.

ஜப்தி என்றதும் நிலமே கைவிட்டுப் போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை. நிலத்தை ஜப்தி செய்வது என்றால், கடன்பட்டவர் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, மற்றவர்களும் அவரிடமிருந்து வாங்கக் கூடாது என்ற தடை உத்தரவு. யாரும் வந்து வேலி போட மாட்டார்கள். அண்ணன் தன் பங்கில் தண்ணீர் பாய்ச்சலாம், களை எடுக்கலாம், மஞ்சளை வெட்டி வேக வைத்து விற்கலாம். நிற்கும் பயிரை ஜப்தி செய்வதற்குத் தனி உத்தரவு வேண்டும். ஒட்டியிருக்கும் நோட்டீசில் நிலம் மட்டும் எழுதியிருக்கிறதா, பயிரும் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜப்தி நோட்டீசை நிலத்தில் மட்டும் அல்லாமல் கோர்ட் வாசலிலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும் என்பது விதி. இது ஊருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு. அதற்குப் பிறகு ஏல விவரம் முடிவு செய்யும்போது கோர்ட் நோட்டீஸ் அனுப்புவது டிக்ரி வாங்கியவருக்கும் கடன்பட்டவருக்கும்தான். அண்ணனுக்குத் தனியாக எந்த நோட்டீசும் வராது. அமீனாவின் தண்டோராவும் ஒட்டிய காகிதமும்தான் அவருக்குக் கிடைக்கும் தகவல். 'எனக்கு நோட்டீஸ் வரட்டும்' என்று காத்திருந்தால் ஏலம் முடிந்த பிறகுதான் விழிப்பார்.

எங்கே போக வேண்டும்?

இந்த நிலைமைக்கென்றே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 21, விதி 58 இருக்கிறது. வழக்கில் இல்லாத ஒருவரின் சொத்து ஜப்தியில் சிக்கினால், அவர் ஜப்தி செய்த அதே கோர்ட்டில் ஆட்சேபணை மனு போடலாம். வக்கீல்கள் இதை 'கிளெய்ம் பெட்டிஷன்' என்பார்கள். நடந்துகொண்டிருக்கும் நிறைவேற்று மனுவுக்குள்ளேயே போடும் மனு இது.

இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். ஒருவர் தாசில்தாரிடம் மனு கொடுக்கிறார். கோர்ட் போட்ட ஜப்தியைத் தாசில்தார் எடுக்க முடியாது. இன்னொருவர் அமீனாவிடம் வாயால் சொல்லி, 'எழுதிக்கொண்டு போனார்' என்று நம்பி இருந்துவிடுகிறார். அமீனாவுக்கு உரிமையை முடிவு செய்யும் அதிகாரம் கிடையாது. வேறொருவர் 'என் நிலத்தை ஏலம் விடக் கூடாது' என்று தனியாகத் தடை கேட்டு வழக்குப் போடுகிறார். ஜப்தியான சொத்தில் யாருக்கு என்ன உரிமை என்பதை அந்த ஆட்சேபணை மனுவிலேயே தீர்மானிக்க வேண்டும், தனி வழக்கில் அல்ல என்று விதி 58 தெளிவாகச் சொல்கிறது. தனி வழக்கு தள்ளுபடியாகும்போது ஏலத் தேதி நெருங்கியிருக்கும்.

ஊர்ப் பெரியவர்கள் சிலர், 'கிளெய்ம் பெட்டிஷனில் சும்மா மேலோட்டமாகப் பார்ப்பார்கள், பிறகு ஒரு வழக்குப் போட்டுத்தான் ஜெயிக்க வேண்டும்' என்பார்கள். அது பழைய நடைமுறை. 1976-ல் சட்டம் திருத்தப்பட்டு, 1977 பிப்ரவரி முதல் அது மாறிவிட்டது. இப்போது சாட்சி, பத்திரம், குறுக்கு விசாரணை எல்லாவற்றோடும் முழு விசாரணை நடக்கும். அதில் வரும் உத்தரவுக்கு டிக்ரிக்கு உள்ள வலு உண்டு. ஆகவே இந்த மனுவை அரைகுறையாக நடத்திவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

எப்போது போட வேண்டும்?

இந்த மனுவுக்கு இத்தனை நாள் என்று விதியில் கணக்கு இல்லை. ஆனால் இரண்டு கதவுகள் இருக்கின்றன. மனு போடுவதற்கு முன்பே சொத்து ஏலம் போய்விட்டால் கோர்ட் மனுவை ஏற்காது. வேண்டுமென்றோ தேவையில்லாமலோ தாமதம் செய்ததாகக் கோர்ட் கருதினாலும் ஏற்காது. தண்டோரா போட்டபோது வரப்பில் நின்று கேட்டவர் எட்டு மாதம் கழித்து, ஏலத்துக்கு முந்தின நாள் மனுவோடு வந்தால், இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும். ஜப்தி தெரிந்த வாரத்திலேயே வக்கீலைப் பார்ப்பது நல்லது.

ஆட்சேபணை மனு போட்டதும் ஏலம் தானாக நின்றுவிடாது. ஏல அறிவிப்பு ஏற்கெனவே வந்திருந்தால், 'இந்த மனு முடியும் வரை ஏலம் விடக் கூடாது' என்று விதி 59-இன் கீழ் கூடவே ஒரு மனு போட வேண்டும். கோர்ட் ஏலத்தை நிறுத்தி வைக்கலாம், அல்லது ஏலம் நடக்கட்டும், மனு முடியும் வரை அதை உறுதி செய்ய வேண்டாம் என்று சொல்லலாம், ஜாமீனும் கேட்கலாம். நிலத்துக்கான ஏல அறிவிப்பு ஒட்டிய பிறகு குறைந்தது 15 நாள் கழித்துத்தான் ஏலம் விட முடியும். அந்த 15 நாளை நம்பி இருப்பது ஆபத்து. பத்திர நகல் வாங்கவே ஒரு வாரம் போய்விடும்.

கோர்ட் பார்க்கும் மூன்று தேதிகள்

மனுவில் தம்பியையும், டிக்ரி வாங்கியவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். சொத்து விவரத்தில் புல எண்ணை மட்டும் எழுதினால் போதாது. பாகப் பத்திரத்தில் உள்ளபடி அண்ணனின் இரண்டு ஏக்கருக்கு நான்கெல்லையும், கிணற்றில் பாதி, மோட்டார் இணைப்பு, வண்டிப்பாதை என்று என்ன உரிமை எழுதியிருக்கிறதோ அதையும் எழுத வேண்டும். 'என் நிலம்' என்பது எது என்று கோர்ட்டுக்குத் தரையில் காட்டும் அளவுக்கு விவரம் இருந்தால்தான், 'இந்தப் பகுதி மட்டும் விடுவிக்கப்படுகிறது' என்று உத்தரவு எழுத முடியும்.

நிலம் தன்னுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு அண்ணனுடையது. இந்த வழக்கில் அவருக்குப் பெரிய பலம் 2014-ல் பதிந்த பாகப்பிரிவினைப் பத்திரம். அசல் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடமானமாக இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். கூடவே வில்லங்கச் சான்று, அவர் பேரில் தனியாக வாங்கிய பயிர்க்கடன் ரசீது, அடங்கல் நகல், தனி மின் இணைப்பு இருந்தால் அதன் அட்டை ஆகியவை பாகம் பிரிந்த பிறகு அவர் தனியாக அனுபவித்து வருவதைக் காட்டும். பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் சாட்சி சொன்னால் இன்னும் நல்லது.

கூட்டுப் பட்டா இருப்பதால் தோற்றுவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. உரிமையைத் தருவது பத்திரம். ஆனால் டிக்ரி வாங்கியவரின் வக்கீல் அதை விடாமல் பிடித்துக்கொள்வார். 'பாகம் பிரித்தது உண்மை என்றால் இத்தனை வருடம் பட்டாவை ஏன் மாற்றவில்லை' என்று குறுக்கு விசாரணையில் கேட்பார். அதற்குப் பதில் சொல்லத்தான் தனி அனுபவத்தைக் காட்டும் ரசீதுகள்.

அடுத்து கோர்ட் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும். பாகம் 2014, கடன் 2019, ஜப்தி சென்ற மாதம். தம்பி கடன் வாங்குவதற்கு ஐந்து வருடம் முன்பே அண்ணனின் பங்கு தனியாகிவிட்டது. வரப்போகும் கடன்காரரை ஏமாற்ற 2014-லேயே பாகம் பிரித்தார்கள் என்று சொல்வது கடினம்.

இதே பத்திரம் 2021-ல், கடன்காரர் வக்கீல் நோட்டீஸ் விட்ட பிறகு எழுதியதாக இருந்தால் கதை வேறு. அதிலும் தண்ணீர் உள்ள நஞ்சையும் கிணறும் அண்ணனுக்கு, பாறைக் காடு தம்பிக்கு என்று பிரித்திருந்தால், கடன்காரரை ஏமாற்றவே எழுதிய பத்திரம் என்று டிக்ரி வாங்கியவர் வாதிடலாம். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தில் செய்த சொத்து மாற்றத்தை அவர்கள் செல்லாததாக்க முடியும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் 53-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வாதத்தை இந்த மனுவிலேயே எழுப்பலாம். ஆகையால் கடன் வந்த பிறகு அவசரமாக எழுதும் செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரங்கள் பெரும்பாலும் காப்பாற்றுவதில்லை, சந்தேகத்தைத்தான் கிளப்புகின்றன.

இங்கே இன்னொரு நுணுக்கம். தம்பி கோர்ட்டுக்கு வந்து, 'ஆமாம், அது அண்ணன் நிலம்தான்' என்று ஒத்துக்கொண்டால் வேலை முடிந்தது என்று குடும்பத்தில் நினைப்பார்கள். அதை மட்டும் வைத்துக் கோர்ட் விடுவிக்காது. கடன்பட்டவர் தன் சொத்தைத் தன் சொத்தில்லை என்று சொல்வது அவருக்கு லாபம்தானே. அண்ணனும் தம்பியும் கூட்டாகப் பேசிவைத்துக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் அது இடம் கொடுக்கும். அண்ணன் தன் சொந்தப் பத்திரத்தையும் அனுபவத்தையும் நம்பித்தான் நிற்க வேண்டும்.

நிலத்தை விலைக்கு வாங்கியவர்களுக்கும் இதே தேதிக் கணக்குதான். ஜப்திக்குப் பிறகு கடன்பட்டவரிடமிருந்து வாங்கினால் அந்தக் கிரயம் ஜப்தியை வெல்லாது. ஜப்திக்கு முன்பே கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்தாகி, பதிவு மட்டும் ஜப்திக்குப் பின் நடந்திருந்தால், பதிவு ஆனதும் பத்திரம் எழுதிய தேதியிலிருந்தே செல்லும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் மட்டும் போட்டவர்களுக்கு, அந்த ஒப்பந்தம் ஜப்திக்கு முன்பே பதிவாகியிருந்தால் அதன்படி பின்னால் எழுதும் கிரயத்துக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. வெற்றுப் பத்திரத்தில் எழுதி வீட்டுப் பெட்டியில் வைத்த ஒப்பந்தத்துக்கு அந்தப் பாதுகாப்பைச் சட்டம் தரவில்லை.

என்ன உத்தரவு வரும்?

விசாரணை முடிந்து அண்ணனின் உரிமை நிரூபணமானால், அவருடைய இரண்டு ஏக்கரும், கிணற்றில் அவருடைய பாதியும் ஜப்தியிலிருந்து விடுவிக்கப்படும். தம்பியின் இரண்டு ஏக்கரும், கிணற்றில் அவருடைய பாதியும் ஜப்தியிலேயே இருக்கும். அந்தப் பங்கை ஏலத்தில் எடுப்பவர் நாளைக்கு அண்ணனுக்குக் கிணற்றுப் பங்காளியாக வருவார். பொதுக் கிணறு வைத்திருப்பவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முறைத் தண்ணீர், மோட்டார் இணைப்பு பற்றி பாகப் பத்திரத்தில் தெளிவாக இருந்தால் புதுப் பங்காளியோடு தகராறு குறையும்.

பாகமே பிரிக்காத குடும்பமாக இருந்தால் முழுவதையும் இழக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. தம்பியின் பிரிக்கப்படாத பங்கை மட்டும்தான் அவருடைய கடனுக்கு விற்க முடியும். அண்ணன் தன் பாதியை விடுவிக்கக் கேட்கலாம். ஏலம் எடுத்தவர் எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ளப் பாக வழக்குத்தான் போட வேண்டியிருக்கும். வாய்மொழியாகப் பாகம் பிரித்துத் தனித்தனியாகப் பயிர் செய்பவர்கள், அந்தப் பாகத்தை ரசீதுகளாலும் சாட்சிகளாலும் நிரூபிக்க வேண்டும். பதிந்த பத்திரம் இருப்பவரைவிட அவர்களுக்குச் சுமை அதிகம். புரோநோட்டில் அண்ணனும் கையெழுத்துப் போட்டு, டிக்ரியில் அவர் பேரும் இருந்தால், அவர் 'மூன்றாம் நபர்' அல்ல. அவருக்கு இந்த வழி இல்லை.

மனு தள்ளுபடியானால் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. விசாரித்து வந்த உத்தரவுக்கு டிக்ரி போலவே மேல்முறையீடு உண்டு. முன்சீப் கோர்ட் உத்தரவு என்றால் மேல் கோர்ட்டுக்குப் போக 30 நாள். உத்தரவு சொன்ன அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுவிட வேண்டும். நகல் தயாராக ஆகும் நாள் அந்தக் கணக்கில் சேராது. தாமதம் என்று சொல்லி விசாரிக்காமலே மறுத்திருந்தால், தனி வழக்குப் போட்டு உரிமையை நிலைநாட்ட விதி 58-லேயே இடம் இருக்கிறது.

ஏலமே முடிந்த பிறகு தெரிய வந்தால்? கோர்ட் ஏலத்தில் எடுத்தவருக்குக் கிடைப்பது கடன்பட்டவருக்கு இருந்த உரிமை மட்டும்தான். அதனால் அண்ணனின் உரிமை அழிந்துவிடுவதில்லை. ஏலதாரர் சுவாதீனம் எடுக்க வரும்போது அங்கேயே கோர்ட் வழியாக ஆட்சேபிக்கலாம். நிலத்திலிருந்து வெளியேற்றிவிட்டால் 30 நாளுக்குள் அதே கோர்ட்டில் மனு போட வேண்டும். ஆனால் அப்போது எதிரில் நிற்பவர் காசு கொடுத்து ஏலம் எடுத்த இன்னொருவர். அவரும் விடாமல் போராடுவார். ஏலத்துக்கு முன்பே போடும் மனுவைவிடச் செலவும் காலமும் அதிகம்.

இந்த வாசகர் இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒட்டிய நோட்டீசைப் போட்டோ எடுத்து, நிறைவேற்று மனு எண்ணையும் கோர்ட் பேரையும் அடுத்த வாய்தா தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். பாகப் பத்திர நகலோடும், 2014-லிருந்து இன்றுவரையான வில்லங்கச் சான்றோடும் இந்த வாரமே அந்த கோர்ட்டில் பழகும் வக்கீலைப் பார்க்க வேண்டும். செலவுக்கு வழியில்லாதவர்கள் கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் அங்கே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

நிலம் விடுவிக்கப்பட்ட பிறகு, ஜப்தி சார்பதிவாளர் அலுவலகப் பதிவில் ஏறியிருந்தால், விடுவிப்பு உத்தரவின் நகலை அங்கே கொடுத்துப் பதியச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை கடனுக்குப் போகும்போது வில்லங்கச் சான்றில் பழைய ஜப்தியே நிற்கும். அதே கையோடு உட்பிரிவு செய்து தனிப் பட்டாவுக்கும் மனு கொடுத்துவிட வேண்டும். நாலு ஏக்கரையும் ஒன்றாக ஜப்திப் பட்டியலில் எழுத வைத்தது அந்தக் கூட்டுப் பட்டாதான்.